விசிறி சுற்றுகிறது, நெருப்புப் பிடிக்கவில்லை

"ஃபர்னஸ் ஓடுற சத்தம் கேக்குது தம்பி, ஆனா சூடு வரேல்லை." டொரொன்டோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எரிவாயு ஃபர்னஸ் திருத்துகிற எங்களுக்குக் குளிர்காலத்தில் அடிக்கடி வரும் முறைப்பாடு இது. வெளியே உறைநிலைக்குக் கீழே பதினைந்து, இருபது பாகை. வீட்டுக்குள் மெல்ல மெல்லக் குளிர் ஏறுகிறது. பேஸ்மென்டில் இருக்கும் ஃபர்னஸ் ஒரு நிமிடம் உறுமிவிட்டு அடங்குகிறது, சற்று நேரத்தில் மறுபடி உறுமுகிறது. சில முறை இப்படி முயன்றுவிட்டுப் பேசாமல் நின்றுவிடுகிறது.

பழுது எங்கே இருக்கக்கூடும் என்பதில் பாதியை அந்த ஒரு வசனமே எனக்குச் சொல்லிவிடும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஃபர்னஸ் உடனே எரிவாயுவைத் திறப்பதில்லை. முதலில் இன்டியூசர் என்ற சிறிய விசிறியைச் சுழல விடுகிறது. அந்த விசிறி போதுமான அளவு காற்றை இழுக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்க்கிறது. அது இசைந்தால்தான் இக்னைட்டர் என்ற சிறு கம்பி செந்தணலாகும். அதன் பிறகே எரிவாயு திறக்கும், நெருப்புப் பிடிக்கும். நெருப்பு பிடித்து அரை நிமிடம் அளவில், வீடெங்கும் சூட்டை அனுப்பும் பெரிய விசிறி ஓடத் தொடங்கும். வீட்டுக்காரர் கேட்ட சத்தம் முதல் விசிறியினுடையது. அது ஓடியும் தணல் தெரியவில்லை என்றால், தடை பெரும்பாலும் பிரஷர் சுவிட்சில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சுவிட்ச் எதைக் கவனித்துக்கொண்டிருக்கிறதோ அதில் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல சுவிட்சுகள் பல கழற்றி எறியப்படுகின்றன.

பழைய ஃபர்னஸ்களில் இந்த விசிறி கிடையாது. புகை நல்ல சூட்டோடு இருந்ததால் புகைபோக்கி வழியாகத் தானே மேலேறிப் போனது. இப்போதுள்ளவை அந்தப் புகையிலிருந்தும் சூட்டைப் பிழிந்தெடுக்கின்றன. கனடாவில் புதிய வீட்டு எரிவாயு ஃபர்னஸ்கள் குறைந்தது 90 சதவீதத் திறனுடையவையாக இருக்க வேண்டும் என்று 2009 இறுதியில் விதி வந்தது, 2019இல் அந்த எல்லை 95 சதவீதமாக உயர்ந்தது. அப்படிப்பட்ட ஃபர்னஸை விட்டுப் புகை வெளியேறும்போது அதன் சூடு ஐம்பது பாகை அளவுக்கு இறங்கியிருக்கும். பிளாஸ்டிக் குழாயே அதைத் தாங்கும். ஆனால் இவ்வளவு ஆறிய புகைக்குத் தானாக மேலேறும் வலு இல்லை. ஆகவே அதை இழுத்து வெளியே தள்ள ஒரு விசிறி வேண்டியிருக்கிறது. அந்த விசிறி நின்றாலோ குழாய் அடைபட்டாலோ புகை வீட்டுக்குள் திரும்பிவிடும். அது நேராமல் காப்பதற்குத்தான் பிரஷர் சுவிட்ச்.

சுவிட்ச் எளிமையான பொருள். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டப் பெட்டி, உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று, பெட்டியிலிருந்து இன்டியூசரின் கூட்டுக்குப் போகும் ஒரு ரப்பர் குழாய். விசிறி இழுக்கும்போது ரப்பர் குழாய் வழியாகச் சவ்வும் இழுபடும், மின்தொடுப்பு மூடும். எவ்வளவு இழுப்பு வேண்டும் என்பது பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 0.80 என்று இருந்தால், ஒரு குழாயில் தண்ணீரை 0.80 அங்குலம் மேலே தூக்கக்கூடிய இழுப்பு வேண்டும் என்று பொருள். இரண்டு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்தான். இந்தக் கணக்கு இவ்வளவு நுணுக்கமானது என்பதால்தான் குழாய் வாயில் படியும் பனியும், ரப்பர் குழாய்க்குள் தங்கிய நான்கு சொட்டுத் தண்ணீரும் ஒரு வீட்டையே குளிரில் விட்டுவிட முடிகிறது.

விசிறி நிற்கும்போது சுவிட்ச் திறந்திருக்க வேண்டும் என்பதையும் கன்ட்ரோல் போர்டு சரிபார்க்கும். தொடங்கும் முன்பே மூடிக் கிடந்தால் அது விசிறியை ஓட விடாது. யாரோ சுவிட்சின் இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கி வைத்துவிட்டுப் போன வீடுகளில் இந்த நிலையைப் பார்க்கலாம்.

ஆகவே காதையும் கண்ணையும் வைத்தே முதல் பிரிப்பைச் செய்துவிடலாம். பெரும்பாலான ஃபர்னஸ்களின் கதவில் சிறு கண்ணாடி வட்டம் ஒன்று இருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கூட்டிவிட்டு அதன் வழியாகப் பாருங்கள். ஒரு சத்தமும் இல்லையென்றால் மின்சாரம், கதவுச் சுவிட்ச், போர்டிலுள்ள ஃபியூஸ், அல்லது இன்டியூசர் மோட்டார். விசிறி ஓடியும் தணல் வரவில்லையென்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் பழுது. தணல் வந்தும் நெருப்பு வரவில்லையென்றால் பார்வையை எரிவாயுப் பக்கம் திருப்ப வேண்டும். நெருப்பு வந்து சில விநாடிகளில் அணைந்தால் நெருப்பை உணரும் கம்பியில் பெரும்பாலும் படிவு ஏறியிருக்கும். போர்டிலுள்ள சிறு விளக்கு கண்சிமிட்டும் எண்ணிக்கையும் உதவும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது கதவின் உட்புறத் தாளில் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறுவதால் அடுத்த வீட்டு ஃபர்னஸின் கணக்கை உங்கள் வீட்டுக்குப் போட வேண்டாம்.

விசிறி ஓடுகிறது, தணல் இல்லை என்று உறுதியானால் முதலில் போக வேண்டிய இடம் வீட்டுக்கு வெளியே. பக்கச் சுவரிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அல்லது மூன்று அங்குல விட்டம் இருக்கும். ஒன்று எரிவதற்கான காற்றை உள்ளே எடுக்கிறது, மற்றது புகையை வெளியே விடுகிறது. இவற்றில் எது அடைபட்டாலும் இழுப்புக் குறையும். வழக்கமான பனி மட்டத்துக்கு மேல் குறைந்தது ஓர் அடி உயரத்தில் இவை இருக்க வேண்டும். ஆனால் காற்று ஒரு மூலையில் குவிக்கும் பனி அந்தக் கணக்கைப் பொருட்படுத்தாது. நடைபாதையில் வழித்த பனியை வீட்டுக்காரரே சுவரோரம் தள்ளிக் குழாயை மூடிவிடுவதும் உண்டு.

பனி மூடாவிட்டாலும் பனிக்கட்டி பிடிக்கலாம். வெளியேறும் புகையில் ஈரம் நிறைய. காற்று அதை உள்ளிழுக்கும் குழாயின் பக்கம் திருப்பினால், அங்குள்ள கம்பிவலையில் அது உறைந்து படிந்து படிப்படியாகத் துளைகளை அடைத்துவிடும். பனிக்காலம் தொடங்கும்போது வரும் அழைப்புகளில் காய்ந்த இலை, குளவிக்கூடு, குருவி சேர்த்த சுள்ளி என்று வேறு விருந்தாளிகள் அகப்படுவார்கள். துப்புரவு செய்யும் முன் தெர்மோஸ்டாட்டில் ஃபர்னஸை நிறுத்திவிடுங்கள். கையாலோ மெல்லிய துடைப்பத்தாலோ பனியை அகற்றுங்கள். மண்வெட்டியால் தட்டினால் குளிரில் விறைத்த பிளாஸ்டிக் வெடித்துவிடும். சுடுநீர் ஊற்றினால் அது சிறிது நேரத்தில் இன்னொரு பனிக்கட்டியாகும். வழி திறந்ததும் ஃபர்னஸின் மின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். தொடர்ந்து தோற்றதால் தன்னைப் பூட்டிக்கொண்ட போர்டு புதிதாக முயலும்.

வெளியே ஒன்றும் இல்லையென்றால் அடுத்தது தண்ணீர். வீட்டுக்காரர்கள் பலர் இதை எதிர்பார்ப்பதே இல்லை. நெருப்பு எரியும் பெட்டியில் தண்ணீருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் தண்ணீர் அந்த வடிவில் வரும். சாதாரண வீட்டு ஃபர்னஸ் ஒன்று, அதாவது 60,000 பிடியு அளவுள்ளது, இடைவிடாமல் எரிந்தால் ஒரு மணி நேரத்தில் 1.7 கன மீட்டர் வாயுவைச் செலவழிக்கும். அந்த நீராவியில் பாதி குளிர்ந்தாலே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர். கடும் குளிரில் ஒரு நாளைக்கு வாளிக்கணக்கில் சேரும். அந்த நீர் இலேசான அமிலத் தன்மை உடையது.

இந்தத் தண்ணீர் ட்ராப் என்ற பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் இறங்கி, அங்கிருந்து குழாய் வழியாகத் தரையிலுள்ள வடிகாலுக்கோ ஒரு சிறு பம்புக்கோ போகிறது. கைகழுவும் தொட்டிக்கு அடியிலுள்ள வளைவைப் போலவே இந்த ட்ராப்பிலும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது காற்று புகாமல் வழியை மூடிவைக்கிறது. தூசியும் பாசி போன்ற வழுவழுப்பும் அதில் சேர்ந்து ஓட்டத்தை அடைத்தால், தண்ணீர் ஃபர்னஸுக்குள்ளேயே பின்னேறும். இன்டியூசரின் வாயை நோக்கி வரும், ரப்பர் குழாய் இணைந்திருக்கும் துளையை மூடும். சுவிட்சுக்கு இழுப்பு எட்டாது. அது திறந்தே இருக்கும்.

சென்ற குளிர்காலத்தில் ஸ்கார்பரோவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபர்னஸ் காலையில் சரியாகத் தொடங்கும். ஐந்தாறு நிமிடம் எரிந்துவிட்டு அணைந்துவிடும். பிறகு மறுபடி மறுபடி விசிறி மட்டும் ஓடும். ஒரு மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி எரியும். முதல் நாள் வந்த ஒருவர் பிரஷர் சுவிட்சை மாற்றிவிட்டுப் போயிருந்தார். அன்றிரவும் அதே கதை. வீட்டுக்காரப் பெண்மணி என்னைப் பார்த்துக் கேட்டார்: "புதுச் சுவிட்சும் பழுதாகுமே தம்பி?"

"சுவிட்ச் சரியாத்தான் இருக்கும் அக்கா. அது ஏன் திறக்குது எண்டு பாப்பம்" என்றேன்.

வெளியே குழாய்கள் இரண்டும் சுத்தம். சுவரிலிருந்து அடி தள்ளி வெண்புகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே வந்து ரப்பர் குழாயின் நடுவில் ஒரு மூன்று வழி இணைப்பைப் போட்டு, மனோமீட்டர் என்ற அழுத்தமானியைப் பொருத்தினேன். சுவிட்சில் 0.80 என்று எழுதியிருந்தது. விசிறி தொடங்கியதும் மானி 1.15 காட்டியது. தாராளமான இழுப்பு. தணல் வந்தது, நெருப்புப் பிடித்தது. சூடேறும்போது இழுப்பு சிறிது குறைவது இயல்பு, 1.05க்கு இறங்கியதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அது அங்கே நிற்கவில்லை. 0.95, 0.90 என்று ஊர்ந்து இறங்கியது. எண் மேலும் கீழும் துள்ளத் தொடங்கியது. அதே நேரத்தில் இன்டியூசர் கூட்டுக்குள்ளிருந்து களகளவென்று ஓர் ஒலி வந்தது. எண் 0.72ஐத் தொட்டதும் டிக்கென்ற சத்தத்தோடு நெருப்பு அணைந்தது.

அந்தக் களகளப்புதான் விடை. எரிந்துகொண்டிருக்கும்வரைதான் தண்ணீர் உண்டாகும். அதனால்தான் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் ஏற ஏற இழுப்புக் குறைந்தது. அணைந்த பிறகு அந்த ஒரு மணி நேரத்தில், அடைப்பில் எஞ்சியிருந்த சிறு வழியால் தண்ணீர் மெல்லக் கசிந்து இறங்கியது. அதனால்தான் காத்திருந்தால் மறுபடி எரிந்தது. தரை வடிகாலுக்குப் போகும் குழாயின் நுனியைப் பார்த்தேன். பத்து நிமிடமாக எரிந்த ஃபர்னஸிலிருந்து ஒரு நூல்போலத் தண்ணீர் ஒழுகியிருக்க வேண்டும். இருந்து இருந்து ஒரு சொட்டு விழுந்தது.

மின்சாரத்தையும் எரிவாயுவையும் மூடிவிட்டு ட்ராப்பைக் கழற்றினேன். அடியில் சாம்பல் நிறக் களி, கஞ்சிப் பதத்தில். அந்த வீட்டில் ஏசியின் தண்ணீரும் கோடையில் இதே குழாய் வழியாகத்தான் வடிகிறது. கோடை முழுதும் ஈரத்தில் வளர்ந்த வழுவழுப்பு, குளிர்காலத்துக்கு முன் யாரும் பார்க்காததால் அப்படியே கிடந்திருக்கிறது. வெந்நீரில் அலசி, வடிகால் குழாய்க்குள்ளும் நீரை ஓடவிட்டு, ரப்பர் குழாயிலிருந்த சொட்டுகளை உதறிவிட்டு, இன்டியூசரிலுள்ள துளையை ஒரு மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தேன். ட்ராப்பில் நல்ல தண்ணீர் நிரப்பி மறுபடி பொருத்தினேன். காய்ந்த ட்ராப்பைப் பொருத்தினால் அதன் வழியே விசிறி பேஸ்மென்ட் காற்றை இழுக்கும், தண்ணீர் இறங்கவும் தயங்கும். இப்போது மானி 1.18இல் தொடங்கி 1.08இல் நின்றது. அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தேன், எண் அசையவில்லை. வடிகால் நுனியில் தண்ணீர் நூலாக ஓடியது.

மனோமீட்டர் தேவைப்படுவது இதற்காகத்தான். இழுப்பு சுவிட்சில் எழுதிய எண்ணைத் தாண்டியும் சுவிட்ச் மூடவில்லையென்றால் சுவிட்ச் பழுது, மாற்றலாம். இழுப்பே அந்த எண்ணை எட்டவில்லையென்றால் சுவிட்ச் உண்மையைச் சொல்கிறது, அடைப்பைத் தேட வேண்டும். மல்டிமீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் சுவிட்ச் திறந்திருக்கிறது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. சுவிட்சை மாற்றச் சொல்லும் திருத்துநரிடம் "இழுப்பை அளந்து பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது?" என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. நல்ல திருத்துநர் எண்ணைச் சொல்வார்.

தண்ணீர் தங்குவதற்கு வேறு இடங்களும் உண்டு. வெளியே போகும் புகைக் குழாய் ஃபர்னஸை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம். தாங்கும் பட்டி கழன்று குழாய் நடுவில் தொய்ந்தால் அந்த வயிற்றில் தண்ணீர் தேங்கிப் புகையின் வழியை ஒடுக்கும். வடிகால் குழாய் சூடில்லாத கராஜ் வழியாகவோ வெளிச்சுவரை ஒட்டியோ போனால் கடும் குளிரில் உறைந்துவிடும். பம்ப் உள்ள வீடுகளில் பிளக் கழன்றிருக்கிறதா, தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்த்தால் போதும். துணி துவைக்கும்போது யாரோ அந்தப் பிளக்கைக் கழற்றி இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்ததையும் கண்டிருக்கிறேன்.

எல்லா வழியும் திறந்திருந்தும் இழுப்புப் போதவில்லையென்றால் விசிறியையே சந்தேகிக்க வேண்டும். பேரிங் தேய்ந்த இன்டியூசர் முன்கூட்டியே கீச்சிட்டு எச்சரிக்கும். சில வாரம் கழித்து ரீங்காரம் மட்டும் வரும், சுழலாது. அது மோட்டார் இறுகியதாலும் இருக்கலாம், கப்பாசிட்டர் வலுவிழந்ததாலும் இருக்கலாம். கப்பாசிட்டர் விலை குறைந்தது, எனவே அதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். மோட்டார் ஓடியும் அச்சில் சக்கரம் வெடித்துத் தளர்ந்திருந்தால் சத்தம் இருக்கும், இழுப்பு இருக்காது. கூட்டின் கேஸ்கெட் பிய்ந்திருந்தாலும் அப்படித்தான். ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலே போதும், சவ்வுக்கு இழுப்புப் போய்ச்சேராது. குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். இந்தப் பாகத்தில் 120 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. வீட்டுக்காரர் கைவைக்க வேண்டிய எல்லை வெளிக்குழாய்கள், வடிகால் நுனி, பம்ப் இவற்றோடு முடிகிறது. ஒன்டாரியோவில் எரிவாயுக் கருவியைத் திறந்து திருத்துவதற்கு உரிமம் பெற்ற திருத்துநர் வேண்டும் என்பது சட்டமும்கூட.

குளிரில் பிள்ளைகள் நடுங்கும்போது, சுவிட்சின் இரண்டு வயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து விட்டால் என்ன என்று யோசனை சொல்ல யாராவது இருப்பார்கள். செய்யவே கூடாது. வழி அடைபட்ட நிலையில் நெருப்பு எரிந்தால் காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. போக வழியில்லாமல் அது வீட்டுக்குள் பரவும். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வூட்ஸ்டொக் நகரில், போலீஸ் அதிகாரி லோரி ஹோகின்ஸ், அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் என ஒரே வீட்டில் நான்கு பேர் அப்படி இறந்தார்கள். அங்கே இருந்தது ஃபர்னஸ் அல்ல, எரிவாயுக் கணப்பு. அதன் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் 2013இல் ஒன்டாரியோ சட்டமியற்றியது. 2014 முதல், எரிபொருள் கருவி உள்ள வீடுகளில் உறங்கும் அறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயமானது.

பிரஷர் சுவிட்ச் இருக்கும்போது அலாரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சுவிட்சுக்கு இழுப்பு மட்டும்தான் தெரியும். உள்ளே நெருப்பு சரியாக எரிகிறதா, சூடு மாற்றும் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா, புகைக் குழாயின் மூட்டு ஒன்று கழன்று பேஸ்மென்டுக்குள்ளேயே புகை விடுகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மூட்டுக் கழன்றால் வழி இன்னும் எளிதாகும், சுவிட்ச் மகிழ்ச்சியாக மூடிக்கொள்ளும். அலாரம் மட்டுமே அப்போது பேசும். அது அலறினால் பழுதைத் தேடிக்கொண்டு நிற்காமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி 911ஐ அழைக்க வேண்டும்.

திருத்துநரை அழைக்கும்போது "சூடு வரவில்லை" என்பதோடு இன்னும் நான்கு விடயங்களைச் சொன்னால் அவர் சரியான கருவியோடு வருவார்: விசிறி ஓடுகிறதா, தணல் தெரிகிறதா, விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது, தொடங்கியவுடன் நிற்கிறதா அல்லது சில நிமிடம் எரிந்துவிட்டு நிற்கிறதா. களகளவென்று சத்தம் கேட்டிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.